புஷருக்கு எந்த அட்டவணை: நெருங்கிய புள்ளிகளா, வளைகோடா, பல்லுறுப்பியா?

அச்சுவேலிப் பக்கம் மிளகாய்த்தூள் பொதி செய்யும் சின்ன ஆலை ஒன்றில், பக்கற்றைக் காட்போட் பெட்டிக்குள் தள்ளும் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. மெயின் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பக்கற். அந்த ஷாஃப்டில் இருந்த, விளிம்பை வளைவாக வெட்டிய இரும்புத் தட்டான கேம்தான் பக்கற்றைத் தள்ளும் புஷரை முன்னும் பின்னும் ஓட்டியது. கேமின் விளிம்பு தேய்ந்து, ரோலர் அடி வாங்கத் தொடங்கியதும், புதிதாக ஒன்றைக் கடைவதா, சொன்ன இடத்துக்குப் போய் நிற்கும் சேர்வோ மோட்டரைப் பூட்டி மின்னணுக் கேமாக மாற்றுவதா என்ற கேள்வி வந்தது. ஆலைக்காரருக்கு இரண்டு அளவுப் பெட்டிகள் தேவை. இரும்புக் கேமில் அளவை மாற்றுவதென்றால் கேமையே கழற்றி மாட்ட வேண்டும். ஆகவே சேர்வோ என்று முடிவானது. அதைப் பற்றி நான் இங்கே வாதாட வரவில்லை. அதற்குப் பின்னால் வந்த கேள்வியில்தான் நாங்கள் பல நாட்களைத் தொலைத்தோம்: மெயின் ஷாஃப்டின் கோணத்துக்குப் புஷர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணையை எப்படி எழுதுவது?

முதலில் இந்தப் புஷர் செய்ய வேண்டிய வேலை. 0 பாகையிலிருந்து 120 பாகை வரை அது 120 மி.மீ. முன்னே போக வேண்டும். 120 முதல் 180 வரை, பெட்டியின் ஓர மடல் மடிபடும் வரையில், அசையாமல் நிற்க வேண்டும். 180 முதல் 300 வரை திரும்பி வர வேண்டும். 300 முதல் 360 வரை பின்னால் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பெட்டிகளைக் கொண்டு வரும் சங்கிலி அடுத்த பெட்டிக்கு நகர்கிறது. சங்கிலியை விட்டுவிட்டு நகர்த்தும் ஜெனீவா சக்கரத்தைத் தள்ளும் முள் அதே மெயின் ஷாஃப்டில் இருக்கிறது. அதனால் மெயின் ஷாஃப்டுதான் தலைவன், சேர்வோ அதன் பின்னால் போகும் தொண்டன். இதை மாற்ற வழியில்லை. ஷாஃப்டின் வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது ஒரு வினாடிக்கு ஒரு பக்கற். கொன்ட்ரோலர் ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஒரு தடவை ஷாஃப்டின் கோணத்தை வாசித்து, அட்டவணையைப் பார்த்து, புஷருக்கு இடத்தைச் சொல்கிறது.

அட்டவணையை எழுத மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. புள்ளிகளை நெருக்கமாக எழுதி, இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டில் போக விடுவது ஒன்று. சில புள்ளிகளை மட்டும் கொடுத்து, அவற்றுக்கூடாக மூன்றாம்படி வளைகோட்டைக் கொன்ட்ரோலரே இழுக்க விடுவது இரண்டாவது. புள்ளிகளையே விட்டுவிட்டு, பாதையை நாலு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஐந்தாம்படிப் பல்லுறுப்பியைக் கொடுப்பது மூன்றாவது. நாங்கள் இந்த வரிசையிலேயே செய்து பார்த்தோம். திரும்பச் செய்வதென்றால் மூன்றாவதிலிருந்து தொடங்குவேன்.

முதலாவது வழி எல்லாருக்கும் உடனே பிடித்துப் போகிற வழி. பழைய கேமைக் கழற்றி, லேத்தில் பூட்டி, டயல் கேஜை வைத்து 5 பாகைக்கு ஒரு தடவை அளந்து எழுதினோம். தேய்ந்த இடங்களைக் கையால் சரிசெய்து 73 வரிகளை உள்ளே போட்டோம். மெஷின் ஓடியது, பக்கற் பெட்டிக்குள் போனது, ஆனால் புஷர் உறுமியது. லேத் வேலை செய்யும் அண்ணை கையை புஷரின் தாங்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது வழுக்கிப் போகேல்ல, படி ஏறிப் போகுது” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை.

இடத்தை மட்டும் பார்த்தால் நேர்கோட்டு அட்டவணையில் பிழை தெரியாது. 5 பாகைக்கு ஒரு புள்ளி என்றாலும் உண்மையான வளைவிலிருந்து விலகல் மிகச் சிறியதுதான். பிழை வேகத்தில் இருக்கிறது. ஒரு துண்டு முழுவதும் புஷர் ஒரே வேகத்தில் போகிறது; அடுத்த புள்ளியில் வேகம் சட்டென்று வேறொன்றாகிறது. இந்தப் பாதையை 120 பாகையில் மென்மையாக ஏறினால், அதாவது மூன்றில் ஒரு வினாடியில் 120 மி.மீ. போனால், உச்ச ஆர்முடுகல் ஏறத்தாழ 6.2 மீ./வி.² வரும். 5 பாகையைக் கடக்க 13.9 மில்லி வினாடி ஆகிறது. இரண்டையும் பெருக்கினால், ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் அதிகமாக வினாடிக்கு 87 மி.மீ. வரை தாவுகிறது என்று வரும். அந்தத் தாவலைக் கொன்ட்ரோலர் ஒரே மில்லி வினாடிக்குள் கேட்கிறது. 6.2 வேண்டிய இடத்தில் அது 87 மீ./வி.² கேட்கிறது, பதினாலு மடங்கு. மோட்டரால் அதைக் கொடுக்க முடியாது, முயன்று உதறுகிறது. 13.9 மில்லி வினாடிக்கு ஒரு தாவல் என்றால் வினாடிக்கு 72. அந்த 72தான் உறுமல்.

உறுமலின் காரணம் அட்டவணைதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மெயின் ஷாஃப்டின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். 40 சுற்றில் அதே 5 பாகைப் புள்ளிகள் வினாடிக்கு 48 தடவை வரும். சத்தம் தடித்து இறங்கும். ஷாஃப்டின் வேகத்தோடு சேர்ந்து சத்தத்தின் சுருதி ஏறி இறங்கினால் புள்ளி இடைவெளியைச் சந்தேகியுங்கள். வேகத்தை மாற்றியும் சுருதி மாறாவிட்டால் அது தாங்கியின் அதிர்வோ சேர்வோவின் கெயின் அமைப்போ, அட்டவணையைத் தொடாதீர்கள்.

அப்போ புள்ளிகளைக் கூட்டினால் சரி என்றுதான் நாங்களும் நினைத்தோம். 1 பாகைக்கு ஒன்றாக எழுதினால் தாவல் வினாடிக்கு 17 மி.மீ. ஆகக் குறைகிறது. மேலும் கூட்டி 1000 புள்ளிகளாக்கினோம். 60 சுற்றில் ஒரு மில்லி வினாடிக்கு ஒரு புள்ளி, இதற்கு மேல் நேர்த்தி வேண்டுமா என்று இருந்தது. ஆனால் உறுமல் போய், அதனிடத்தில் மணலை அரைப்பது போன்ற ஒரு சரசரப்பு வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு இரவு முழுக்கத் தேவைப்பட்டது.

விரிதாளில் கணித்த இடங்களை நான் இரண்டு தசமத்துக்கு மட்டுப்படுத்தி ஏற்றியிருந்தேன், 0.01 மி.மீ. வரை. மெஷின் வேலைக்கு அது தாராளம் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் சேர்வோ உணர்வது இடத்தை மட்டுமல்ல, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசத்தின் வித்தியாசத்தையும்தான். புள்ளிகள் 0.36 பாகை இடைவெளியில் இருக்கும்போது, உச்ச ஆர்முடுகலிலும்கூட அந்த இரண்டாம் வித்தியாசம் 0.006 மி.மீ.தான். நான் மட்டுப்படுத்திய 0.01 மி.மீ. படியோ அதைவிடப் பெரியது. ஒவ்வொரு புள்ளியும் அரைச் சதமம் மேலோ கீழோ போனால், மூன்று புள்ளிகள் சேர்ந்து இரண்டாம் வித்தியாசத்தில் 0.02 மி.மீ. வரை பொய் சொல்லும். ஒரு மில்லி வினாடியில் அது 20 மீ./வி.² என்ற கட்டளை. வேண்டிய ஆர்முடுகலைப்போல மூன்று மடங்கு பொய், ஒரு ஒழுங்கும் இல்லாமல் மேலும் கீழும். புள்ளிகளைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் அதிக தசமம் வேண்டும். இதைச் சொல்லாமல் “புள்ளி கூடினால் வழுவழுப்பு” என்று சொல்வது பாதி உண்மை. நேர்கோட்டு வழியைத்தான் எடுப்பதென்றால் அட்டவணையை மி.மீ.யில் ஆறு தசமமாவது வைத்து எழுதுங்கள்; அல்லது கையால் எழுதாமல் கொன்ட்ரோலரிலேயே கணியுங்கள். எப்படியென்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வழிக்கு வருவோம். மூன்றாம்படி வளைகோட்டில் வேகமும் தாவாது, ஆர்முடுகலும் தாவாது. ஐந்தே புள்ளிகள் போதும் என்று தோன்றும்: 0 பாகையில் 0, 120இல் 120, 180இல் 120, 300இல் 0, 360இல் 0. நான் அப்படித்தான் கொடுத்தேன். நல்ல காலம், ஓட்டுவதற்கு முன் திரையில் வரைபடத்தைப் பார்த்தேன்.

120க்கும் 180க்கும் இடையில் புஷர் நிற்கவில்லை. அது 129 மி.மீ. வரை போய்த் திரும்பியது. பின்பக்கம் 300க்கும் 360க்கும் இடையில் கழித்தல் 9க்குப் போனது, அதாவது தாங்கியின் நிறுத்துகட்டையில் போய் முட்டும் அளவுக்கு. கொன்ட்ரோலரில் எந்தப் பிழையும் இல்லை. நான் சொன்னது “இந்த இரண்டு புள்ளிகளுக்கூடாகவும் வழுவழுப்பாகப் போ” என்றுதான். “இடையில் நில்” என்று நான் சொல்லவேயில்லை. மேலே ஏறி வரும் வேகத்தோடு 120 பாகையைக் கடக்கும் வளைகோட்டுக்கு வளைந்து திரும்ப இடம் வேண்டும், அது நிற்கும் பகுதியை எடுத்துக்கொள்கிறது. கையாலேயே சரிபார்க்கலாம்: இந்த ஐந்து புள்ளிகளின் சுற்றுமுறை வளைகோட்டில், நிற்கும் பகுதி முழுவதும் வளைவு ஒரு பாகை வர்க்கத்துக்கு 0.02 மி.மீ. என்று மாறாமல் வருகிறது. 60 பாகையின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் சரியாக 9 மி.மீ. நிற்கும் பகுதிக்குள் இன்னும் சில புள்ளிகளை இட்டால் வீக்கம் சிறுத்துப் போகும், முற்றாகப் போகாது, சிற்றலையாக மிஞ்சும்.

ஆனாலும் இந்த வழியை நான் ஒதுக்கவில்லை. சில சேர்வோ ட்ரைவுகளில் பல்லுறுப்பித் துண்டுகளே கிடையாது. புள்ளி அட்டவணையும் வளைகோட்டு இடைக்கணிப்பும் மட்டும்தான் இருக்கும். அங்கே சரியான வளைவிலிருந்தே எடுத்த புள்ளிகளை, நிற்கும் பகுதி உட்பட 5 பாகைக்கு ஒன்றாகக் கொடுத்தால் வீக்கம் பக்கற்றும் பெட்டியும் உணராத அளவுக்கு இறங்கிவிடும். வளைகோடு நல்ல பாதையை நன்றாகப் பின்பற்றும், ஆனால் பாதையைத் தானாகக் கண்டுபிடிக்காது.

மூன்றாவது வழியில் அந்தப் பாதையையே நேரடியாகக் கொடுக்கிறோம். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இடம், வேகம், ஆர்முடுகல் என்று மூன்று, ஆக ஆறு நிபந்தனைகள். ஆறு நிபந்தனைக்கு ஐந்தாம்படிப் பல்லுறுப்பி ஒன்று மட்டுமே பொருந்தும். நின்று புறப்பட்டு நின்று முடியும் நம் துண்டில் வேகமும் ஆர்முடுகலும் இரு முனையிலும் பூச்சியம். அப்போது பல்லுறுப்பி இப்படி வரும். இங்கே h என்பது 120 மி.மீ., x என்பது துண்டுக்குள் 0இலிருந்து 1வரை ஓடும் கோணப் பங்கு:

```
s = h * (10*x^3 - 15*x^4 + 6*x^5)
```

இது புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கேம் வடிவமைப்பவர்கள் 3-4-5 வளைவு என்று சொல்வது இதைத்தான். கேம் அசைவு விதிகளைத் தொகுத்த ஜேர்மன் வழிகாட்டியான வி.டி.ஐ. 2143இலும் இருக்கிறது. நம் அளவுகளுக்கு உச்ச வேகம் 1.875 × 120 ÷ 0.333, அதாவது வினாடிக்கு 675 மி.மீ. புஷரை ஓட்டும் போல்ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 20 மி.மீ. நகர்வதால் மோட்டர் நிமிடத்துக்கு 2025 சுற்றுச் சுற்ற வேண்டும். 3000 சுற்று மோட்டருக்கு இது இலகு. அதேவேளை மெஷினை 90 சுற்றுக்கு ஏற்றும் ஆசை இருந்தால் 3037 வரும். இந்தப் பாதையில் இந்த மோட்டர் அதற்குப் போகாது என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. புள்ளி அட்டவணை இந்த எல்லையை உங்களுக்குக் காட்டாது. கேம்களுக்கு வழக்கமான இன்னொரு வளைவான சைக்ளோய்டை எடுத்திருந்தால் 60 சுற்றிலேயே 2160 சுற்றும், ஆர்முடுகல் 6.8உம் கேட்டிருக்கும். இந்த வேலைக்கு அது எதையும் கூடுதலாகத் தராததால் 3-4-5ஐயே வைத்துக்கொண்டோம்.

120 பாகையில் துண்டு முடிந்ததும் அடுத்த துண்டு மாறிலி. அங்கே வீக்கத்துக்கு இடமே இல்லை. முழு அட்டவணையும் நாலு வரி. இந்த வழியில் தவறு வருவது வேறொரு இடத்தில்: ஓட்டத்தின் நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டுப் போக வேண்டும் என்று துண்டை இரண்டாகப் பிரித்துவிட்டு, அந்தச் சந்தியில் வேகத்தைப் பூச்சியம் என்று விட்டுவிடுவது. புஷர் அங்கே நின்று மறுபடி புறப்படும். சந்தியில் வேகத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். தெரியாவிட்டால் அந்தத் துண்டைப் பிரிக்க வேண்டாம்.

கொன்ட்ரோலர் பல்லுறுப்பித் துண்டை ஏற்காவிட்டால் நான் செய்வது இதுதான். மெஷின் தொடங்கும்போதே அதே சூத்திரத்தால் புள்ளிகளை நிரப்பிவிடுவேன், தசமம் வெட்டுப்படாது:

```
FOR i := 0 TO 120 DO
  x := INT_TO_LREAL(i) / 120.0;
  tab[i] := 120.0 * x*x*x * (10.0 + x*(6.0*x - 15.0));
END_FOR;
```

30 பாகையில் 12.42 மி.மீ., 60இல் சரியாக 60 என்று வந்தால் சூத்திரம் சரியாக ஏறியிருக்கிறது. 1 பாகையில் 0.0007 மி.மீ. வரும். நான் முன்பு வெட்டி எறிந்தது இந்த இலக்கங்களைத்தான். மென்மையான புறப்பாடு முழுவதும் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

இதையெல்லாம் சரி செய்த பின்னும் ஒரு நடுக்கம் மிச்சமிருந்தது. நான் மறுபடியும் அட்டவணையைக் கிண்டப் போனேன். அங்கே காரணம் இருக்கவில்லை. மெயின் ஷாஃப்டில் அதன் கோணத்தை எண்ணிச் சொல்லும் 1000 கோட்டு என்கோடர் இருந்தது, நாலால் பெருக்கினால் சுற்றுக்கு 4000 எண்ணிக்கை. வினாடிக்கு ஒரு சுற்று என்றால் மில்லி வினாடிக்கு நாலு எண்ணிக்கை. உண்மையில் அது ஒரு தடவை மூன்று, இன்னொரு தடவை ஐந்து என்று வரும். பாதையின் நடுவில் ஒரு பாகைக்குப் புஷர் 1.875 மி.மீ. போகிறது, ஆகவே ஓர் எண்ணிக்கை தவறினால் புஷரின் கட்டளை 0.17 மி.மீ. துள்ளும். ஒரு மில்லி வினாடியில் அது வினாடிக்கு 170 மி.மீ. வேகத் தாவல்; முதலில் உறுமிய அட்டவணை தந்த தாவலைவிட இரண்டு மடங்கு. அட்டவணை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதற்குள் போகும் கோணம் நடுங்கினால் வெளியே வருவதும் நடுங்கும்.

இதைப் பிரித்தறிய மெயின் ஷாஃப்டை நிறுத்திவிட்டு, பெட்டியும் பக்கற்றும் இல்லாமல், கொன்ட்ரோலருக்குள் ஒரு கற்பனை ஷாஃப்டை 60 சுற்றில் ஓட விட்டு அதைப் பின்தொடர வையுங்கள். நடுக்கம் போய்விட்டால் என்கோடர்தான் காரணம். எங்களுக்குப் போனது. முதலில் 8 மில்லி வினாடிச் சராசரி ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். நடுக்கம் அடங்கியது, ஆனால் கோணம் ஏறத்தாழ 4 மில்லி வினாடி பிந்தியது. 60 சுற்றில் அது 1.44 பாகை, பாதையின் நடுவில் புஷர் 2.7 மி.மீ. பின்னால். ஷாஃப்டின் வேகத்தை 4 மில்லி வினாடியால் பெருக்கிக் கோணத்தோடு கூட்டினால் சீரான ஓட்டத்தில் அது ஈடாகும். ஷாஃப்ட் வேகமெடுக்கும்போதும் நிற்கும்போதும் கொஞ்சம் பிழைக்கும். கடைசியில் என்கோடரையே மாற்றி, ஒரு சுற்றுக்குள் முழுக் கோணத்தையும் சொல்லும் 17 பிட் வகையைப் பூட்டினோம். ஓர் எண்ணிக்கைக்குப் புஷர் 0.005 மி.மீ. மட்டும்.

அந்த என்கோடரை நான் விரும்பியதற்கு இன்னொரு காரணம் கரண்ட். கரண்ட் போனால் சேர்வோ அந்த இடத்திலேயே கைவிடும்; மெயின் ஷாஃப்டோ சடத்துவத்தால் இன்னும் கொஞ்சம் உருண்டு ஓடும். இரும்புக் கேமில் இந்தப் பிரச்சினை இருக்கவே இல்லை, புஷரும் சங்கிலியும் என்றும் ஒரே கட்டில் இருந்தன. இந்த விடயத்தில் பழையது உண்மையிலேயே மேல், அதை மறைக்கக் கூடாது. புஷர் பெட்டிக்குள் இருக்கும்போது சங்கிலி நகர்ந்தால் ஏதோ ஒன்று முறியும். அதற்காகப் புஷரின் தலையில் முறிபின் ஒன்றை வைத்தோம், முறிவது அதுவாக இருக்கட்டும் என்று. கரண்ட் வந்ததும் முழுக்கோண என்கோடர் ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்று உடனே சொல்லிவிடும். ஆனால் அந்தக் கோணத்துக்குரிய இடத்துக்குப் புஷர் தாவக் கூடாது. சேர்வோவை அட்டவணையோடு இணைக்கும் `MC_CamIn`ஐ முழுநிலை முறையில் உடனே கூப்பிட்டால், புஷர் தூரத்தில் நிற்கும்போது அட்டவணை சொல்லும் இடத்துக்கு ஒரே பாய்ச்சலில் போக முயலும். நாங்கள் ஷாஃப்டை நிறுத்தி வைத்தே புஷரை மெதுவாகப் பின்னே 0க்குக் கொண்டு வருகிறோம். பிறகு ஷாஃப்டைக் கையால் 300 பாகைக்கும் 360க்கும் இடையில் நிறுத்துகிறோம். அங்கே அட்டவணையும் 0, புஷரும் 0. அதன் பிறகுதான் இணைப்பு.

சின்னப் பெட்டிக்கும் அதே இடம்தான் உதவியது. அதற்குப் புஷர் 90 மி.மீ. போனால் போதும். புதிய அட்டவணை எழுதவில்லை, அட்டவணை சொல்லும் இடத்தைப் பெருக்கும் `SlaveScaling`ஐ 1.0இலிருந்து 0.75ஆக மாற்றுகிறோம். புஷர் முன்னால் நிற்கும்போது இதை மாற்றினால் 120 ஒரே கணத்தில் 90 ஆகி 30 மி.மீ. பின்னே பாயும். 0இல் நிற்கும்போது 0ஐ எதனால் பெருக்கினாலும் 0தான். அதனால் பொத்தானை எப்போது அழுத்தினாலும் கொன்ட்ரோலர் 300 பாகை தாண்டும்வரை காத்திருந்து, புஷர் பின்னால் அசையாமல் நிற்பதைச் சரிபார்த்து, அப்போதே புதிய அளவோடு `MC_CamIn`ஐத் திரும்பக் கூப்பிடுகிறது.